பதினோரு இடங்களும் ஓர் ஏணியும்: ஒரு சிற்றூர்ச் சுற்றுலா வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதிய கதை

ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறிய ஊருக்காக மூன்று நிமிடச் சுற்றுலா வீடியோ ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். அந்த வேலை எப்படி நடந்தது, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தோம் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே நாங்கள் சந்தித்த சிக்கல்கள் எந்தச் சிற்றூருக்கும் வரக்கூடியவை.

வேலையைக் கொடுத்தவர்கள் ஊர் நிர்வாகத்தினரும் தங்கும் விடுதி நடத்துபவர்களும் சேர்ந்த ஒரு குழு. முதல் சந்திப்பிலேயே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். மணிக்கூண்டு, பழைய கோட்டைச் சுவர், படித்துறை, பாலம், அருங்காட்சியகம், நூலகக் கட்டிடம் என்று பதினோரு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, ஆக 165 விநாடி. மிச்சம் 15 விநாடியில் ஊர்ப் பெயரும் தொடர்பு எண்ணும். கணக்கு கச்சிதமாக இருந்தது. முன்பு எடுத்த வீடியோவும் இதே கணக்கில் எடுத்ததுதான்.

பிறகு பேச்சு நீண்டபோதுதான் உண்மையான கவலை வெளியே வந்தது. ஊருக்கு ஆட்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், மணிக்கூண்டின் முன் படம் எடுக்கிறார்கள், கோட்டைச் சுவர் ஓரமாக ஒரு நடை நடக்கிறார்கள், மாலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். அறைகள் காலியாகவே கிடக்கின்றன. இரண்டு இரவு தங்குபவர்கள் வேண்டும் என்பதுதான் குழுவின் தேவை.

இதை வைத்துப் பார்த்தால் பழைய வீடியோ தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பதினோரு இடங்களை வரிசையாகக் காட்டினால், பார்ப்பவர் மனத்தில் அது முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலாகப் பதிகிறது. சிறிய ஊரில் அந்தப் பட்டியல் அரை நாளில் முடிந்துபோகும். முடிந்ததும் கிளம்பத்தான் தோன்றும். தங்கினால் மட்டுமே பார்க்கக் கிடைப்பது ஏதாவது இருந்தால்தான் ஒருவர் அறை எடுப்பார். அந்த ஊரில் அப்படிக் கிடைப்பது காலையும் மாலையும்தான்: கடைகள் திறக்கும் நேரம், ஆட்கள் வீடு திரும்பும் நேரம். ஆகவே அன்றாட வாழ்க்கையைக் காட்டுவது என்ற முடிவை அழகுக்காக எடுக்கவில்லை. காலி அறைகளுக்கான பதிலாக எடுத்தோம். குழுவிடம் இதை இப்படிச் சொன்ன பிறகுதான் அவர்கள் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள்.

இடங்களின் பட்டியல் போய், முகங்களின் பட்டியல்

சரி, அன்றாட வாழ்க்கை என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் பெரும்பாலான ஸ்கிரிப்ட்கள் வழுக்கி விழுகின்றன. ஜன்னலைத் திறக்கும் கை, சிரிக்கும் முதியவர், ஓடும் சிறுவர்கள், புகை எழும் கோப்பை, ஸ்லோ மோஷனில் பறக்கும் புறா. இடங்களுக்குப் பதிலாக முகங்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். வடிவம் மாறவில்லை.

பட்டியலா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் ஒரு சோதனை செய்வேன். ஸ்கிரிப்டிலிருந்து ஏதாவது ஒரு காட்சியை உருவிவிட்டுப் படித்துப் பார்ப்பேன். அடுத்த காட்சிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது பட்டியல். இரண்டு காட்சிகளை இடம் மாற்றிப் போட்டும் எதுவும் கெடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

குழுவில் ஒருவர் நல்ல யோசனை ஒன்று சொன்னார்: விடியலில் தொடங்கி இரவில் முடிப்போம், ஒரு நாள் என்பதே கதையாக இருக்கட்டும். இது மதிப்புள்ள வடிவம்தான், பழைய வடிவமும்கூட. வால்டர் ருட்மன் 1927இல் பெர்லின் நகரத்தைப் பற்றி எடுத்த படம் விடியலில் தொடங்கி இரவில் முடியும், ஐந்து பகுதிகளாக. அது மௌனப்படம். அந்த நகரின் வேகத்தை வெட்டுகளின் தாளத்திலேயே கொண்டுவந்தது. பின்னால் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் போன்றவர்கள் அதைக் குறை சொன்னார்கள். இத்தனை அசைவு இருந்தும் அதிலிருந்து எதுவும் பிறக்கவில்லை என்பது அவர்கள் வாதம். பெருநகரத்துக்கு அந்த வேகமாவது மிஞ்சும். சிற்றூரில் வேகமும் கிடையாது. சூரியன் நகர்வதை மட்டும் நம்பினால், காட்சிகள் ஒன்றன் பின் ஒன்றாக வருமே தவிர ஒன்றிலிருந்து ஒன்றாக வராது. காட்சியை உருவிப் பார்க்கும் சோதனையில் இந்த வடிவமும் தேறாது: பகல் பதினொரு மணிக் காட்சியை எடுத்துவிட்டால் பன்னிரண்டு மணிக் காட்சிக்கு எந்த நஷ்டமும் இல்லை.

எங்களுக்கு வேண்டியது ஒரு வேலை. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போக வேண்டும். போகிற வழியில் ஊர் தெரிய வேண்டும். மாலைக்குள் முடிந்தாக வேண்டும்.

ஏணி கிடைத்த விதம்

ஊரைப் பார்க்கப் போகும்போது முதல் சுற்றில் வீடியோ கேமரா எடுத்துப் போகாமல் இருப்பது நல்லது. கேமராவைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் நம்மை மணிக்கூண்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதேபோல "உங்கள் ஊரில் என்ன விசேஷம்" என்றும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு அந்தப் பதினோரு இடங்கள்தான் பதிலாக வரும். நான் கேட்டது இது: "நேற்று யாரிடமாவது போய் எதையாவது கேட்டு வாங்கினீர்களா?" கேட்டவர்கள் முதலில் விழித்தார்கள். அப்புறம் யோசித்துச் சொன்னார்கள். ஒருவர் தையல் எந்திரத்துக்கு எண்ணெய் வாங்கினார், ஒருவர் குடை, ஒருவர் கையெழுத்து. மூன்று பேர், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள், ஏணி என்றார்கள்.

அச்சகக்காரருடைய ஏணி. ஐந்து மீட்டர் நீள மர ஏணி. அந்த உயரத்துக்கு ஊரின் பழைய பகுதியில் வேறு ஏணி இல்லை. விளக்கு மாற்ற, கிளை வெட்ட, பெயர்ப்பலகை மாட்ட எல்லோரும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். அன்றிரவு கைப்பேசியில் குறிப்புக்காக எடுத்திருந்த புகைப்படங்களைப் புரட்டினேன். கீழிருந்து மூன்றாவது படியில் சிவப்புப் பெயிண்ட் சிந்திய கறையோடு அதே ஏணி நூலகச் சுவரில் சாய்ந்திருந்தது, இன்னொரு படத்தில் முடிதிருத்தகத்தின் வாசலில், வேறொன்றில் பாலத்துக்கு அப்பால் ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்துக் கிடந்தது. நாங்கள் ஊரைப் பார்க்கச் சுற்றிய அதே நேரத்தில் ஏணியும் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

வேறு இரண்டு யோசனைகளும் போட்டியில் இருந்தன. காலையில் செய்தித்தாள் போடும் பெண்ணைப் பின்தொடர்வது ஒன்று. ஊர் முழுக்கப் போகிறார், ஆனால் ஏழு மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அவர் கொடுக்கிறார், வாங்குபவர்கள் பெரும்பாலும் தூக்கத்தில் இருக்கிறார்கள். படகு பழுது பார்க்கும் பட்டறை இன்னொன்று. பார்க்க மிக அழகான வேலை. ஆனால் ஒரே இடத்தில் நடப்பது. அது பட்டறையைப் பற்றிய படமாகுமே தவிர ஊரைப் பற்றியதாகாது.

ஏணியில் நான் கண்ட பெரிய வசதி வேறு. ஐந்து மீட்டர் ஏணியைத் தெருவில் கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும். இருவரின் கைகளும் நிறைந்திருக்கும், கண்கள் முனை எங்கே இடிக்கிறது என்பதிலேயே இருக்கும். நடிப்புப் பழக்கம் இல்லாதவர்கள் கேமரா முன் விறைத்துப்போவதற்குக் காரணம் அவர்கள் கைக்கும் கண்ணுக்கும் வேலை இல்லாததுதான். "சும்மா இயல்பாக நடந்து வாருங்கள்" என்று சொன்னால் யாருக்கும் இயல்பாக நடக்க வராது. கனமான ஒன்றைக் கொடுத்து மூலை திரும்பச் சொன்னால் கேமரா இருப்பதே மறந்துபோகும். தவிர, தூக்கிப் போகிறவர்கள் பேசியே ஆக வேண்டும்: "கொஞ்சம் தூக்கிப் பிடிங்க", "இருங்க இருங்க, பின்னாடி இடிக்குது." நாம் வசனம் எழுதத் தேவையில்லை.

கெடுவும் தானாகவே அமைந்தது. ஏணி இரவில் இருப்பது அச்சகத்துக்குள். மாலை ஏழு மணிக்கு அவர் கதவை அடைத்துவிடுவார். அதற்குள் ஏணி திரும்பி வர வேண்டும்.

பதினோரு இடங்கள் என்ன ஆயின

குழுவுக்கு ஏணி பிடித்திருந்தது. ஆனால் மணிக்கூண்டு எங்கே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வரப்போகிறவர் அதையும் தேடுவார். காட்சி இடங்களைத் தூக்கி எறிவது என் நோக்கமும் இல்லை. ஊர்க்காரர்கள் அவற்றை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படிக் காட்டுவதே நோக்கம்.

மணிக்கூண்டை ஊர்க்காரர்கள் நேரம் பார்க்கத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஆகவே ஏணியின் பின்பக்கத்தைச் சுமப்பவர் நடந்துகொண்டே நிமிர்கிறார், அடுத்த ஷாட்டில் மணிக்கூண்டு, ஆறரை மணி. அதற்கடுத்த ஷாட்டில் அவர்கள் நடை வேகமாகிறது. பழைய வீடியோவில் மணிக்கூண்டு 15 விநாடி இருந்தது, இங்கே இரண்டரை விநாடிதான். ஆனால் கதைக்கு அந்த ஷாட் தேவைப்படுகிறது, அதனால் மனத்தில் நிற்கிறது. பார்வையாளரும் நேரத்தைத்தானே பார்க்கிறார்.

கோட்டைச் சுவரில் ஏணியைச் சாய்த்து ஒரு ஷாட் வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்று ஒளிப்பதிவாளர் விரும்பினார். அதை ஏற்கவில்லை. பழமையான கட்டுமானத்தில் ஏணி சாய்ப்பதை ஊரின் சொந்த வீடியோவே காட்டினால், நாளைக்கு வருகிறவர் அதன்மேல் ஏறலாம் என்று எடுத்துக்கொள்வார். பதிலாக அந்தச் சுவரின் நிழலில் ஏணியைத் தரையில் வைத்து இருவரும் இளைப்பாறுகிறார்கள். வெயில் நேரத்தில் உண்மையிலேயே அங்கேதான் நிற்பார்களாம், நிழல் அங்கே மட்டும்தான் விழுகிறது. சுவரின் உயரம் அந்த நிழலின் நீளத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இப்படிப் பதினொன்றில் ஆறு இடங்கள் கதைக்குள் வந்தன. மற்ற ஐந்தும் ஏணியின் பாதையில் இல்லை. இழுத்துக் கொண்டுவரவும் இல்லை. குழுவில் இருவருக்கு அருங்காட்சியகம் விடுபட்டதில் வருத்தம். அது ஒரு குன்றின் மேல், ஊருக்கு வெளியே இருக்கிறது. ஏணி அங்கே போவதாகக் காட்டினால் ஊர்க்காரர் யாரும் நம்ப மாட்டார்கள். ஊர்க்காரர் நம்பாத சுற்றுலா வீடியோவை அவர்களே பகிர மாட்டார்கள். சிற்றூர் வீடியோ பரவுவதே அந்த ஊர்க்காரர்களின் உறவினர், நண்பர்கள் வழியாகத்தான். அந்த ஐந்து இடங்களையும் வழியோடு எழுதி வீடியோவின் கீழே குறிப்பில் போட்டோம். தேடுகிறவருக்கு அங்கே கிடைக்கும்.

ஒரு பக்கம் எப்படி இருந்தது

ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாக எழுதினேன்: இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது. இந்த வகை வீடியோவுக்கு இதுவே சரியான வடிவம். வலப்பக்கம் காலியாக இருந்தால் உடனே தெரிந்துவிடும். காலியாக இருக்கும் இடத்தில்தான் பின்னால் யாராவது பொருத்தமில்லாத இசையை ஊற்றுவார்கள்.

படத்திலேயே நீளமான ஷாட் சந்து திரும்பும் இடம். ஸ்கிரிப்டில் அது இப்படி இருந்தது:

*படம்:* குறுகிய சந்தின் மூலை. கேமரா அசையாது, ஸ்டாண்டில். முதலில் ஏணியின் முனை மட்டும் ஃபிரேமுக்குள் வருகிறது. அப்புறம் முன்னால் சுமப்பவர். முனை எதிர்ச் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடுகிறது. பின்னால் இருப்பவர் இன்னும் தெரியவில்லை. மாடி ஜன்னலில் ஒருவர் எட்டிப் பார்த்து, கையால் வழி காட்டுகிறார். ஏணி செங்குத்தாக நிமிர்கிறது, திரும்புகிறது, மீண்டும் படுக்கிறது. இருவரும் வெளியேறுகிறார்கள். ஜன்னல்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். (22 விநாடி)

*ஒலி:* மூச்சு, செருப்புச் சத்தம், மரம் சுவரில் ஒருமுறை உரசுவது. ஜன்னலிலிருந்து குரல்: வழி சொல்வது, அவர் சொல்கிறபடியே. கடைசி இரண்டு விநாடியில் அடுத்த இடத்தின் ஒலி நுழைகிறது: கத்தரிக்கோல்.

ஒரே ஷாட்டில் 22 விநாடி என்றதும் எடிட்டர் தயங்கினார். இணையத்தில் யார் பொறுமையாகப் பார்ப்பார்கள் என்றார். இந்த இடத்தில் நான் உறுதியாக நின்றேன். ஷாட் நீளமாக இருப்பதில் குற்றமில்லை. உள்ளே என்ன ஆகும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. ஏணி திரும்புமா, இடிக்குமா என்று பார்க்கும் எவரும் பாதியில் விலக மாட்டார்கள். கேமராவையும் வேண்டுமென்றேதான் அசையாமல் வைத்தோம். அது ஏணியோடு கூடவே நடந்தால் சந்து எவ்வளவு குறுகல் என்று தெரியாது. நின்று பார்த்தால் ஏணியே அந்தச் சந்தின் அளவுகோல் ஆகிவிடுகிறது. ட்ரோன் காட்சி பத்து வைத்தாலும் அந்த ஊரின் தெரு அகலத்தை இப்படிச் சொல்ல முடியாது.

அடுத்த இடத்தின் ஒலியை முன்கூட்டியே நுழைப்பதை எடிட்டிங்கில் ஜே கட் என்பார்கள். இதை எடிட்டரின் விருப்பத்துக்கு விடாமல் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுவது நல்லது. அப்படி எழுதினால்தான் படப்பிடிப்பில் ஒலிப்பதிவாளர் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்வார். எழுதாவிட்டால் அந்த ஒரு நிமிடம் அவசரத்தில் போய்விடும். பிறகு எடிட்டிங் மேசையில் கத்தரிக்கோல் சத்தத்தை எங்கிருந்தோ இறக்குமதி செய்ய வேண்டியிருக்கும். அது அந்த ஊர்க் கத்தரிக்கோலாக இருக்காது.

பின்னணிக் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் வரும். மூன்று நிமிடமும் நிரப்பினால் முந்நூறு சொல். குழு அப்படித்தான் எதிர்பார்த்தது: ஊரின் தொன்மை, இயற்கை எழில், அன்பான மக்கள். இந்தச் சொற்களில் எதையும் நான் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டு வேறு எந்த ஊருக்கும் அவற்றை அப்படியே ஒட்டிவிடலாம். வாசகமே எழுதாமல், அச்சகக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதினேன். ஏணி திரும்பி வராத நாள் உண்டா? யாருக்குக் கொடுக்க மாட்டீர்கள்? ஏணி எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? படப்பிடிப்பு முடிந்த பிறகு அச்சகத்தில் எந்திரங்களை நிறுத்திவிட்டு, அவர் பதில்களைக் குரலாக மட்டும் பதிவு செய்தோம். படத்தில் நான்கு இடங்களில் அவர் பேசுகிறார், எல்லாம் சேர்ந்து ஐம்பது சொல்லுக்குள். மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் படத்தின் முதல் வரியாக வந்தது: "தேட மாட்டேன். யாருக்கு அடுத்து வேணுமோ அவங்க தேடிக்குவாங்க."

ஒரு சின்ன விஷயம், ஆனால் விடக் கூடாதது. அதிகாரபூர்வமான வீடியோவில் ஏணியைத் தப்பாகச் சாய்த்துக் காட்டக் கூடாது. பாதுகாப்புக்குச் சொல்லும் பொது விதி நான்குக்கு ஒன்று: சாயும் இடத்தின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு, சுவரிலிருந்து அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும். எங்கள் ஏணிக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கீழே பிடித்திருப்பதையும் ஸ்கிரிப்டிலேயே எழுதினேன். இந்தக் கீழே பிடிக்கிறவர்தான் பின்னால் படத்தின் முடிவுக்கு வழி காட்டினார்.

எதைச் சேர்க்கலாம், எதைப் புனையக் கூடாது

நேர்மை பற்றிய கேள்வி குழுவிடமிருந்தே வந்தது. ஒரே நாளில் ஏணி ஐந்து இடம் போகுமா? போவதில்லை. ஒரு வாரத்தில் போகும். வெவ்வேறு நாட்களில் நடந்ததை ஒரு நாளாகச் சுருக்கினோம். அது சரியென்றே நினைக்கிறேன். வைத்துக்கொண்ட எல்லை இதுதான்: ஏணி உண்மையில் போகும் வீடுகள், உண்மையில் செய்யப்பட வேண்டிய வேலைகள். நூலகத்தில் விளக்கு எரியாமல் இருந்தது, அதை மாற்றுவதைத்தான் எடுத்தோம். முடிதிருத்தகப் பெயர்ப்பலகை ஏற்கெனவே புதிதாக எழுதி முடித்து மாட்டக் காத்திருந்தது. படத்துக்காகவே நல்ல விளக்கைக் கழற்றி மாட்டுவது போன்ற எதையும் ஸ்கிரிப்டில் வைக்கவில்லை. உண்மையான வேலையில் கை தேடும், திருகாணி விழும், ஒருவர் எரிச்சலாவார். பொய்யான வேலையில் அது எதுவும் நடக்காது, கேமரா அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சமூகவியலாளர் டீன் மக்கனல் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விளக்கினார். பயணிகள் ஓர் ஊரின் முன்வாசலோடு திருப்தி அடைவதில்லை, கொல்லைப்புறத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை தெரிந்ததும் பயணிகளுக்கென்றே ஒரு கொல்லைப்புறம் ஜோடிக்கப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றாட வாழ்க்கையை விளம்பரம் செய்கிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏணியைக் காட்டிவிட்டால் வருகிறவர்கள் ஏணியைத் தேடுவார்கள். அச்சகத்தின் கதவைத் தட்டுவார்கள். அச்சகக்காரர் அதைத் தானே யோசித்திருந்தார். கடையின் பெயர்ப்பலகை தெரியக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை. அதனால் அச்சகத்தின் வெளித்தோற்றத்தை எங்கும் காட்டவில்லை. உள்ளிருந்து தெருவைப் பார்க்கும் ஷாட் மட்டும்தான், கதவு இருட்டான சட்டமாக நிற்கும்.

அனுமதிப் படிவம் வாங்குவது எல்லோரும் செய்வதுதான். அதோடு ஒன்றைக் கூடுதலாகச் செய்தோம்: அவரவர் வரும் பகுதியை எடிட் ஆன பிறகு அவரவருக்குக் காட்டினோம். கையெழுத்துப் போடும்போது ஒருவருக்குத் தான் எப்படித் தெரியப்போகிறோம் என்று தெரியாது. மரக்கிளை வெட்டிய வீட்டின் அம்மா, பின்னால் கொடியில் காயும் துணிகள் தெரிகின்றன, அது வேண்டாம் என்றார். அந்த ஷாட் போய்விட்டது. நல்ல ஷாட்தான். ஆனால் ஒருவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

வெளியூர்க்காரர் பார்த்தபோது

முதல் எடிட்டை ஊரைத் தெரியாத சிலருக்குப் போட்டுக் காட்டினோம். "பிடித்ததா" என்று கேட்கவில்லை, ஏனென்றால் எதிரே நிற்பவரிடம் எல்லோரும் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். பார்த்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னோம். பிறகு, அந்த ஊரில் நீங்கள் எங்கே நின்றுகொண்டிருப்பீர்கள் என்று கேட்டோம்.

முதல் கேள்விக்கு ஏணியின் பயணத்தை ஏறக்குறைய வரிசையாகச் சொன்னார்கள். சந்து மூலையை எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஊரில் ஆறு ஒன்று இருப்பதைப் பலரும் சொல்லவில்லை. பாலத்தைக் கடக்கும் காட்சியில் கேமரா சுமப்பவர்களின் தோளருகே இருந்தது. தண்ணீர் பின்னால் மங்கலாகத்தான் தெரிந்தது. கதையோடு ஒட்டிப் போகும் ஸ்கிரிப்டில் இந்த அபாயம் எப்போதும் உண்டு: பார்வையாளர் மனிதர்களோடு நெருங்கிவிடுவார், ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போகும். பாலத்தை மட்டும் மறுபடி எடுத்தோம், படித்துறையிலிருந்து, வெகு தூரத்தில். ஆறு முழுவதும், அக்கரையில் வீடுகள், பாலத்தின் மேல் ஒரு மெல்லிய கோடு ஊர்ந்து போகிறது. 12 விநாடி. அந்தக் கோடு ஏணி என்று தெரிந்த பிறகு பார்வையாளர் அதைத் தேடுகிறார், தேடும்போது ஆற்றையும் அக்கரையையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார். இப்படி ஒரு தூரக் காட்சியைத் தொடக்கத்திலேயே வைப்பது வழக்கம். எங்களுக்கு அது படத்தின் நடுவில்தான் வேலை செய்தது. தேடுவதற்கு ஒன்று கிடைத்த பிறகே அகலமான ஷாட்டைக் கண் மேய்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்தான் சிக்கலானது. பலர், "நான் அங்கே எங்கும் இல்லை, தள்ளி நின்று பார்க்கிறேன்" என்றார்கள். சுற்றுலா வீடியோவுக்கு இது போதாது. ஊர் தன்பாட்டுக்கு வாழ்கிறது என்று காட்டியாயிற்று, வருகிறவருக்கு அதில் ஓர் இடம் இருக்கிறதா என்று காட்டவில்லை. வழக்கமான தீர்வு, முதுகுப்பையோடு ஒரு மாடலை நடக்க விடுவது. அவர் வந்தாலே ஊர்க்காரர்கள் பின்னணி ஆகிவிடுவார்கள் என்பதால் அதைத் தொடவில்லை.

விடை விடுதி நடத்தும் பெண்மணியிடமிருந்து வந்தது. ஏணியின் கடைசி இடம் அவருடைய விடுதி, வாசல் விளக்கு மாற்ற. ஏணியைக் கீழே யார் பிடிப்பார்கள் என்று கேட்டபோது, "வேலையாள் இல்லாத நேரத்தில் தங்கியிருப்பவர்களைத்தான் கூப்பிடுவேன்" என்றார். அந்த வாரம் அங்கே தங்கியிருந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி ஒப்புதல் கேட்டோம். ஸ்கிரிப்டில் அந்தக் காட்சியை இப்படி மாற்றி எழுதினேன்: மேலே விளக்கு மாட்டுகிறார்கள். கேமரா கீழே இறங்குகிறது. ஏணியின் அடியைப் பிடித்திருக்கும் கைகள். நிமிர்ந்து பார்க்கும் முகம் ஊர்க்காரருடையது இல்லை என்பது தோளில் தொங்கும் அறைச் சாவியிலிருந்து தெரிகிறது. யாரும் அதை விளக்கிச் சொல்வதில்லை. விளக்கு எரிந்ததும் மேலிருந்து, "சரி, விட்டுடலாம்" என்ற குரல். மறுபடி காட்டியபோது, எங்கே நிற்பீர்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் அந்த இடத்தைச் சொன்னார்கள்.

கடைசி 12 விநாடி எழுத்து மட்டும். ஊர்ப் பெயர், எந்த மாதங்களில் எடுத்தது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, தங்குவதற்கு யாரைக் கேட்க வேண்டும். எடுத்த மாதத்தைப் போடுவதற்குக் குழு முதலில் யோசித்தது. ஆற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலத்தில் எடுத்துவிட்டு, வறண்ட காலத்தில் ஆட்களை வரவழைத்தால் வருகிறவர் ஏமாந்துபோவார், அந்த ஏமாற்றத்தை எழுதியும் வைப்பார். மாதம் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கடைசிப் பேருந்தின் நேரத்தைப் போட்டதற்கும் காரணம் உண்டு: ஏணி அச்சகத்துக்குத் திரும்பும் காட்சி அந்தப் பேருந்து போன பிறகு நடப்பது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர் தங்க வேண்டும் என்று தானே புரிந்துகொள்வார்.

பிறகு 30 விநாடிப் பதிப்பு ஒன்று கேட்டார்கள். மூன்று நிமிடத்தைச் சுருக்கி ஒவ்வொன்றிலும் இரண்டு விநாடி எடுத்துப் போட்டால் அது மறுபடியும் பட்டியல்தான். ஆகவே அதற்குத் தனியாக ஒரு பக்கம் எழுதினேன்: அச்சகக்காரரின் ஒரு வரி, சந்து மூலை வெட்டில்லாமல் முழுதாக, ஊர்ப் பெயர். வேறெதுவும் இல்லை. பதினைந்து விநாடிக்கும் ஒன்று வேண்டும் என்றபோது மூலை ஷாட்டைப் பாதியில் வெட்டாமல், பாலத்தின் தூரக் காட்சியை மட்டும் கொடுத்தோம். அதில் ஏணி எது என்று யாருக்கும் தெரியாது. ஆறும் ஊரும் தெரிந்தால் அந்த அளவுக்குப் போதும்.